குழுக் கலந்துரையாடலில் ஒரே குரல் ஓங்கிவிடாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரே நிறையப் பேசினால்தான் என்ன? நமக்கு வேண்டிய தகவல் கிடைத்தால் போதாதா?

கிடைக்கிற தகவல் யாருடையது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. களப்பணியாளர்கள் எஃப்ஜிடி என்று சுருக்கிச் சொல்லும் குவியக் குழுக் கலந்துரையாடலில் ஏழெட்டுப் பேரை ஒன்றாக உட்கார வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருவர் சொல்வதைக் கேட்டதும் இன்னொருவருக்கு "எனக்கு அப்படி நடக்கவில்லையே" என்று தோன்ற வேண்டும், அதை அவர் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டினால், நம் கையில் இருப்பது ஏழு பேர் முன்னிலையில் எடுத்த ஒரே ஒரு தனி நேர்காணல். அறிக்கை எழுதும்போது அதுவே "பங்கேற்பாளர்கள் கருதுகிறார்கள்" என்று பன்மையாகிவிடும். ஆபத்து அங்கேதான்.

நேரக் கணக்கும் இரக்கமில்லாதது. எட்டுப் பேர் கொண்ட 90 நிமிட அமர்வில் அறிமுகம், நெறியாளரின் கேள்விகள், முடிவுரை எல்லாம் போக ஏறத்தாழ 70 நிமிடம் மிஞ்சும். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது நிமிடம்கூட வராது. ஒருவர் 30 நிமிடத்தை எடுத்துக்கொண்டால் மற்ற ஏழு பேருக்கும் தலா ஆறு நிமிடம்கூட இல்லை.

நேரம் பறிபோவதைவிடப் பெரிய இழப்பு, மற்றவர்கள் தங்கள் கருத்தை உள்ளேயே திருத்திக்கொள்வது. 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வேலை அது. குழுவில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசி வைத்துக்கொண்டபடி, தவறான பதிலை ஒரே குரலில் சொன்னார்கள். அப்படிச் சொன்ன சுற்றுகளில் உண்மையான பங்கேற்பாளர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறை அந்தத் தவறான பதிலையே தாங்களும் சொன்னார்கள். அதே சோதனைகளில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன: கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலும், அல்லது பதிலைச் சத்தமாகச் சொல்லாமல் தனியாக எழுதினாலும், இந்த இணங்கிப்போதல் வெகுவாகக் குறைந்தது. கீழே சொல்லப்படும் உத்திகளில் பாதி இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

அப்படியானால் தனி நேர்காணலே எடுத்துவிடலாமே?

சில தலைப்புகளுக்கு அதுதான் சரி. ஒருவருடைய வாழ்க்கை வரலாறு, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை, வெளியே தெரிந்தால் வேலை போகக்கூடிய விஷயம் ஆகியவற்றுக்குக் குழுவைக் கூட்டக் கூடாது. நெறியாளர் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கலாம்; அறையில் இருக்கும் மற்ற ஏழு பேர் சார்பில் அவரால் வாக்குக் கொடுக்க முடியாது. இதை ஒப்புதல் வாங்கும்போதே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சேவையை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எந்தச் சொற்களில் பேசிக்கொள்கிறார்கள், எதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதற்குக் குழுதான் பொருத்தம். ஒருவருடைய நினைவு இன்னொருவருடைய நினைவைத் தூண்டிவிடும். "நீங்க சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வருது" என்ற வாக்கியம் தனி நேர்காணலில் வரவே வராது.

ஒரு குழுவுக்கு எத்தனை பேர்? மொத்தம் எத்தனை குழுக்கள்?

ஒரு குழுவுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர். பத்தைத் தாண்டினால் பேச வாய்ப்புக் கிடைக்காதவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு கிசுகிசுக்கத் தொடங்குவார்கள். பதிவில் எதுவும் தெளிவாக விழாது, உரக்கப் பேசுபவரே மேடையைப் பிடித்துக்கொள்வார். நான்குக்குக் கீழே போனால் ஒருவர் மௌனமானாலும் உரையாடல் படுத்துவிடும். சொன்னபடி எல்லோரும் வருவதில்லை என்பதால் எட்டுப் பேர் வேண்டுமானால் பத்துப் பேரை அழைப்பது வழக்கம். பத்துப் பேரும் வந்துவிட்டால் ஒரே அறையில் திணிக்காமல், இரண்டாவது நெறியாளரை வைத்து இரண்டு ஐவர் குழுவாகப் பிரித்துவிடுங்கள்.

குழுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒரே வகை மக்களுக்கு ஒரு குழுவோடு நிறுத்தக் கூடாது என்பது குறைந்தபட்ச விதி. அந்த ஒரு குழுவில் ஓர் ஆதிக்கக் குரல் இருந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே வழியிருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் கையில் இல்லையே. 40 குழுக்களின் பதிவுகளை அலசி 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் இரண்டு மூன்று குழுக்களிலேயே 80 சதவீதக் கருப்பொருள்களும், மூன்று முதல் ஆறு குழுக்களுக்குள் 90 சதவீதமும் வந்துவிட்டதாகக் கண்டது. ஆனால் அது ஓரளவு ஒரே பின்னணி கொண்டவர்களிடம் நடந்த ஆய்வு. உங்கள் மக்கள் மூன்று வகையாகப் பிரிந்திருந்தால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று குழுக்கள் வேண்டும்.

யார் யாரை ஒன்றாக உட்கார வைப்பது? எல்லாத் தரப்பும் இருந்தால் நல்லதுதானே?

ஆய்வு முழுவதற்கும் எல்லாத் தரப்பும் வேண்டும்; ஒரே அறைக்குள் வேண்டாம். அமர்வு முடிந்து வீட்டுக்கோ வேலைக்கோ திரும்பிய பிறகு, ஒருவருக்குப் பிடிக்காததை இன்னொருவர் சொன்னதால் விளைவு வருமா என்று கேட்டுப் பாருங்கள். வரும் என்றால் அந்த இருவரும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. மேலாளரும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும், ஆசிரியரும் மாணவரின் பெற்றோரும், மாமியாரும் மருமகளும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் இப்படிப்பட்ட இணைகள். எவ்வளவு திறமையான நெறியாளரானாலும் இந்த இடைவெளியை 90 நிமிடத்தில் சமன்செய்ய முடியாது.

ஆதிக்கக் குரல் உள்ளே நுழையும் வாசல் பெரும்பாலும் ஆள் சேர்க்கும் கட்டம்தான். உள்ளூரில் அறிமுகமான ஒருவரிடம் "எட்டுப் பேரைக் கூட்டிட்டு வாங்க" என்று விட்டுவிட்டால், அவர் "நல்லாப் பேசுறவங்க" எட்டுப் பேரைத்தான் கூட்டிவருவார். அவர் செய்வது உதவி என்றே நினைப்பார். அதனால் யார் வரலாம் என்பதை ஐந்தாறு கேள்விகள் கொண்ட தேர்வுத் தாளாக எழுதி, நீங்களே ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள். அதில் ஒரு கேள்வி, அவர் ஏதாவது பதவியிலோ சங்கப் பொறுப்பிலோ இருக்கிறாரா என்பது. இன்னொன்று, அழைக்கப்பட்டவர்களில் அவருக்கு உறவினரோ முதலாளியோ இருக்கிறாரா என்பது. அழைத்து வருபவரும் நிறுவன அதிகாரியும் அமர்வின்போது அறைக்குள் இருக்கக் கூடாது. "ஓரமா உட்கார்ந்துக்கிறேன்" என்பார்கள். வாசலில் யார் வருகிறார் என்று பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்து மரியாதையாக வெளியே வையுங்கள்.

கேள்விகளை எப்படி வரிசைப்படுத்துவது?

90 நிமிடத்துக்கு எட்டு முதல் பத்துக் கேள்விகள் போதும். அவற்றில் மூன்றுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள வந்தவை. முதல் பத்து நிமிடம் வரவேற்பும் விதிகளும். அடுத்த பத்து நிமிடம் எல்லோரும் வரிசையாக ஒரு வாக்கியமாவது பேசும் எளிய கேள்வி. அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம் தலைப்புக்கு அருகில் கொண்டுவரும் கேள்விகள். நாற்பது நிமிடம் அந்த மூன்று முக்கியக் கேள்விகளுக்கு. கடைசிப் பதினைந்து நிமிடம் சுருக்கிச் சொல்லிச் சரிபார்ப்பதற்கு.

தொடக்கக் கேள்வியில் படிப்பு, வேலை, எத்தனை ஆண்டு அனுபவம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். ஒருவர் "இருபது வருஷமா இந்தத் துறையில இருக்கேன்" என்று சொன்ன கணத்திலேயே அறையில் ஒரு படிநிலை உருவாகிவிடும், மற்றவர்கள் அதற்கேற்பத் தங்கள் பேச்சை அளந்துகொள்வார்கள். பெயரும், தலைப்போடு தொடர்புள்ள ஒரு சாதாரண விவரமும் போதும்.

"ஏன்" என்று கேட்டால் விசாரணைபோல் ஒலிக்கும். நியாயமான காரணம் வைத்திருப்பவர்தான் அதற்குப் பதில் சொல்வார். "அன்னைக்கு என்ன நடந்தது?", "அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று நிகழ்வைக் கேளுங்கள். கருத்தைக் கேட்டால் பேச்சாளர் ஒருவர் ஜெயிப்பார். நிகழ்வைக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் சொல்வதற்குச் சொந்தமாக ஒன்று இருக்கும். ஆதிக்கத்தைத் தடுப்பதில் இந்த ஒரு மாற்றம், அமர்வுக்குள் செய்யும் பல உத்திகளைவிட அதிகம் உதவும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இருக்கை, ரெக்கார்டர் போன்றவற்றில் கவனிக்க வேண்டியது என்ன?

வட்டமாக உட்கார வையுங்கள். தலைமை இருக்கைபோல் தோன்றும் நாற்காலியை அகற்றிவிடுங்கள், ஒருவர் நாற்காலியிலும் மற்றவர்கள் தரையிலும் உட்காரும் ஏற்பாடு வேண்டாம். வந்து சேர்ந்து காத்திருக்கும் பத்து நிமிடத்தைக் குறிப்பெடுப்பவர் கவனிக்கட்டும். யார் எல்லோரிடமும் பேசுகிறார், யார் ஒதுங்கி நிற்கிறார் என்று அப்போதே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எண் அட்டைகளை வைத்து இருக்கை கொடுங்கள். அதிகம் பேசக்கூடியவரை நெறியாளரின் பக்கத்து நாற்காலியிலும், தயங்குபவரை நேரெதிரிலும். பக்கத்தில் இருப்பவரோடு கண் சந்திப்பது இயல்பாகவே குறையும். எதிரில் இருப்பவரைப் பார்த்து ஒரு சின்னத் தலையசைப்பே அழைப்பாகிவிடும்.

ரெக்கார்டர் இரண்டு வையுங்கள், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். மெல்லிய குரலில் பேசுபவருக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கட்டும். பதிவில் விழாத குரலும் மௌனமாக்கப்பட்ட குரல்தான்.

குறிப்பெடுப்பவர் ஒரு தாளில் வட்டம் வரைந்து இருக்கை எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பேசும் ஒவ்வொரு முறைக்கும் அவர் எண்ணுக்கு அருகில் ஒரு கோடு, ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டால் நீளக் கோடு. முப்பதாவது நிமிடத்தில் "2: 11 முறை, 4, 6: ஒரே முறை" என்று ஒரு சீட்டு நெறியாளர் கைக்குப் போகட்டும். பேச்சில் மூழ்கியிருக்கும் நெறியாளருக்கு "எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க" என்ற உணர்வு எளிதில் வந்துவிடும். அதைத் திருத்தக்கூடியது இந்தத் தாள்தான்.

தொடங்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"சரி, தப்புன்னு எதுவும் இல்லை" என்று எல்லோரும் சொல்வது வழக்கம், கேட்பவர்கள் அதை நம்புவதில்லை. மாற்றுக் கருத்துத்தான் உங்களுக்கு வேண்டும் என்பதை ஒரு வேலைபோலச் சொல்லுங்கள்: "எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா எங்களுக்கு வேலை முடியாது. ஒருத்தர் சொல்றது உங்களுக்குப் பொருந்தலைன்னா அதை நாங்க கட்டாயம் கேட்கணும்." பிறகு குறுக்கிடுவதற்கான அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்: "நேரம் குறைவு. எல்லார்கிட்டயும் போகணும்கிறதுக்காக நடுவுல நான் நிறுத்தச் சொல்லலாம், தப்பா எடுத்துக்காதீங்க." இதை முதலிலேயே சொல்லியிருந்தால், பின்னால் ஒருவரை நிறுத்தும்போது அது அவருக்கு அவமானமாகப் படாது.

அழைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஒருவரை "சார்" என்றும் இன்னொருவரைப் "பெரியவரே" என்றும் மூன்றாமவரைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டால் யாருடைய பேச்சுக்கு எடை அதிகம் என்று நெறியாளரே அறிவித்துவிடுகிறார். பெண்கள் குழுவென்றால் எல்லோருக்கும் "அக்கா", அல்லது எல்லோருக்கும் "நீங்க" என்று ஒரே முறையைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது நிமிடத்திலேயே ஒருவர் பிடித்துக்கொண்டார். நிறுத்தவே மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் ஏன் பேசுகிறார் என்பதை முதலில் கணித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பேசுபவர் பத்து நிமிடத்தில் தானே அடங்குவார். மனக்குறையோடு வந்தவரை ஒரு முறை முழுதாகப் பேசவிட்டு, அவர் சொன்னதை அவர் கண்ணெதிரே பலகையில் எழுதிவிட்டால், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை அவருக்குக் குறையும். விஷயம் தெரிந்தவர் என்ற நினைப்பில் மற்றவர்களைத் திருத்துபவரும், பதவியின் பலத்தில் பேசுபவரும்தான் உண்மையில் மற்றவர்களின் வாயை அடைப்பவர்கள்.

மெல்லிய வழியில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். கண்ணை அவரிடமிருந்து எடுத்துக் குறிப்பேட்டையோ வட்டத்தின் மறுபக்கத்தையோ பாருங்கள், உடலைச் சற்றே திருப்புங்கள். பலர் இதிலேயே நிறுத்திவிடுவார்கள். நிற்கவில்லையென்றால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நுழையுங்கள்: "நீங்க சொன்ன காத்திருப்பு நேரம் பத்தின விஷயத்தைக் குறிச்சுக்கிட்டேன். வேற மாதிரி அனுபவம் யாருக்காவது இருக்கா?" இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. அவர் சொன்னதில் ஒரு விவரத்தைக் குறிப்பிட்டால்தான் கேட்கப்பட்டதாக உணர்வார். அடுத்த கேள்வி "யாராவது இதைப் பத்திப் பேசுறீங்களா?" என்று இருக்கக் கூடாது, அது ஒப்புதலைத்தான் வரவழைக்கும். "வேற மாதிரி" என்ற சொல் மாறுபடுவதற்கான கதவைத் திறக்கிறது.

அதுவும் பலிக்காதபோது ஆளை மாற்ற முயலாமல் அமர்வின் வடிவத்தை மாற்றுங்கள். இருவர் இருவராக மூன்று நிமிடம் பேசிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் சொன்னதை எடுத்துச் சொல்லச் சொல்லலாம். ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து எழுதச் சொல்லலாம். வட்டத்தை அவரிடம் கடைசியாகப் போய்ச் சேரும்படி சுற்றலாம். கடைசிப் படி, ஐந்து நிமிட இடைவேளை. அப்போது தனியாக அவரிடம், "உங்ககிட்ட நிறைய விவரம் இருக்கு, அதைத் தனியாப் பதிவு பண்ண விரும்புறோம்" என்று சொல்லி, இரண்டாவது ஆள் இன்னோர் இடத்தில் அவரை உண்மையாகவே நேர்காணல் செய்ய வேண்டும். ஆளை அப்புறப்படுத்த இதை ஒரு சாக்காகப் பயன்படுத்தினால் அவருக்கும் புரிந்துவிடும், குழுவுக்கும் புரிந்துவிடும்.

எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டிக்க வேண்டாம். பேசியவருக்கு அவமானம் நேர்ந்ததைப் பார்த்தால், பேசத் தயங்கியவர் இன்னும் சுருங்கிவிடுவார்.

பேசாமல் இருப்பவரை நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமா?

கேட்கலாம், முன்னறிவிப்போடு. "அவங்க முடிச்சதும் உங்ககிட்ட வரேன்" என்று சொன்னால் யோசிக்க அரை நிமிடம் கிடைக்கும். கடினமான கேள்வியோடு போகாமல், அவர் ஏற்கெனவே சொன்ன ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: "முதல்ல பஸ்ஸுல வர்றதாச் சொன்னீங்க. அன்னைக்கு எப்படிப் போச்சு?" பதில் வராவிட்டால் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து விநாடி நெறியாளருக்கு நீளமாகத் தெரியும். அதை நிரப்ப அவசரப்பட்டு அவர் வாயைத் திறந்தால், அதுவரை துணிவைச் சேர்த்துக்கொண்டிருந்தவர் பின்வாங்கிவிடுவார், உரக்கப் பேசுபவர் உள்ளே வந்துவிடுவார்.

"இப்போ வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. சிலருடைய மௌனம் தற்காப்பு. அறையில் இருக்கும் யாரையோ நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், பேச வைப்பது அவருக்குத் தீங்காக முடியலாம். அமர்வு முடிந்த பிறகு குறிப்பெடுப்பவர் வாசலருகே சற்று நேரம் நின்றுகொண்டிருந்தால், சொல்ல நினைத்ததை அங்கே வந்து சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதுவும் ஆய்வில் சேரும் என்று சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டுமே குறித்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் ஓர் அமர்வில் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்.

விளக்கத்துக்காக அமைத்த ஒரு மாதிரி இது. குழந்தைக்கு முதல் தவணைத் தடுப்பூசி போட்டுவிட்டு அடுத்த தவணைக்கு வராமல் போன தாய்மாரிடம், அதற்கான சூழலைக் கேட்டறிய ஒரு குழு கூடுகிறது. ஏழு பேர். அழைத்து வந்த சுகாதாரப் பணியாளர், "நல்லாப் பேசுவாங்க" என்று ஓர் ஆசிரியையையும் சேர்த்துவிட்டார். அவர் எந்தத் தவணையையும் தவறவிட்டவர் அல்ல. தேர்வுத் தாள் சரியாகக் கேட்கப்பட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டார். இருக்கை எண் 2 அவருடையது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் சொல்கிறார்: "குழந்தை மேல அக்கறை இருந்தா வந்துடுவாங்க. வராதது சோம்பேறித்தனம்தான்." மூன்று பேர் தலையாட்டுகிறார்கள். அறிமுகச் சுற்றில் "எங்களுக்கு வேலைக்குப் போறதால..." என்று தொடங்கிய எண் 5 இப்போது மடியைப் பார்க்கிறார். ஒரு நிமிடத்துக்குள் நடந்துவிட்ட இந்தக் காட்சியைக் கவனிக்காத நெறியாளர், "தாய்மாரிடையே விழிப்புணர்வு குறைவு" என்ற முடிவோடு வீட்டுக்குப் போவார். அந்த முடிவை வைத்து யாரோ ஒருவர் விழிப்புணர்வுச் சுவரொட்டி அச்சடிப்பார்.

இங்கே நெறியாளர் "சரியாச் சொன்னீங்க" என்று சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "அக்கறைதான் முக்கியம்னு நினைக்கிறீங்க, குறிச்சுக்கிட்டேன்" என்கிறார். அடுத்து வைத்திருந்த கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு அட்டைகளை எடுக்கிறார். "உங்களைப் பத்தி வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரால அடுத்த தவணைக்கு வர முடியாம போனதுக்கு ஒரு காரணம் எழுதுங்க. பேர் வேண்டாம்." எழுதத் தயங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்: சில காரணங்களைப் படமாக வரைந்த உறைகள் ஒரு தடுப்புக்குப் பின்னால் இருக்கின்றன, பொருந்தும் உறையில் ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டால் போதும். "மற்றவை" என்ற உறையும் உண்டு, அதில் போடுபவர் குறிப்பெடுப்பவரின் காதில் சொல்லலாம்.

ஏழு பதில்களையும் கலைத்துப்போட்டு நெறியாளர் வாசிக்கிறார். போன முறை ஊசி போட்ட பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மறுநாள் வேலைக்குப் போக முடியாமல் போனது என்று மூன்று. தடுப்பூசி அட்டையைத் தொலைத்ததற்குத் திட்டு விழுந்தது என்று இரண்டு. ஊசி போடும் நாளும் வேலை நாளும் ஒன்றாக இருக்கிறது என்று ஒன்று. அக்கறையின்மை என்று ஒன்று. ஒரே நிமிடத்தில் அறையின் நிலைமை மாறிவிட்டது. தான் தனியாள் இல்லை என்று எண் 5-க்குத் தெரிந்துவிட்டது.

"திட்டு விழுந்ததுன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. இப்படி எங்க, எப்படி நடக்கும்?" என்று நெறியாளர் பொதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நான்கு விநாடி. எண் 5 பேசத் தொடங்குகிறார். வரிசையில் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டதாகவும், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்ததாகவும் சொல்கிறார். எண் 7 தனக்கு நடந்ததைச் சேர்க்கிறார். எண் 2 இடையில் வருகிறார்: "நம்ம நல்லதுக்குத்தானே திட்டுறாங்க." நெறியாளர் அதையும் தள்ளிவிடவில்லை. "அப்படியும் பார்க்கலாம். திட்டு வாங்கினவங்க மறுபடி போகணும்னு கிளம்பும்போது மனசுல என்ன ஓடும்?" என்று கேள்வியை அனுபவத்துக்குத் திருப்பிவிடுகிறார். பேச்சு எண் 7-க்குப் போகிறது.

ஏழில் மூன்று அட்டை என்பதை 43 சதவீதம் என்று அறிக்கையில் எழுதக் கூடாது. அட்டைகள் பேச்சைத் திறப்பதற்கானவை, அளப்பதற்கானவை அல்ல. இந்த அமர்விலிருந்து சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஊசிக்குப் பிந்தைய காய்ச்சலும் அதனால் போகும் வேலைநாளும் ஒரு தடை, மையத்தில் பலர் முன்னிலையில் கண்டிக்கப்படுவது இன்னொரு தடை, அதைத் தாய்மார் முதலில் வெளியே சொல்வதில்லை. எத்தனை பேரிடம் இது இருக்கிறது என்பதைக் கணக்கெடுப்பு ஒன்றுதான் சொல்ல முடியும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். "ஒருமித்த கருத்து" என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். பதிவை எழுத்தாக்கிய பிறகு ஒவ்வொரு முக்கியக் கருத்துக்கும் நான்கு விவரங்களைக் குறித்துப் பாருங்கள்: முதலில் சொன்னவர் யார், சொந்த அனுபவத்தைச் சேர்த்து ஒத்துக்கொண்டவர்கள் யார், "ஆமா" என்று மட்டும் சொன்னவர்கள் யார், எதுவுமே சொல்லாதவர்கள் யார். இரண்டாவது வகையினரைத்தான் உடன்பட்டவர்களாகக் கொள்ளலாம். எட்டுப் பேரில் ஒருவர் சொல்லி, இருவர் அனுபவத்தோடு சேர்ந்து, மூவர் "ஆமா" என்று மட்டும் சொல்லி, இருவர் மௌனமாக இருந்தால், அறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள்.

ஆதிக்கக் குரல் ஒன்று இருந்ததா என்பதை அறிய இன்னொரு வழி, அவர் பேசி முடித்த பிறகு வரும் மூன்று பேச்சுகளைப் பார்ப்பது. அவை திரும்பத் திரும்ப மிகச் சுருக்கமாகவும் ஒப்புதலாகவும் இருந்தால், அதுவரை நீளமாகப் பேசியவர்கள் அதன் பிறகு ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டால், அந்தப் பகுதியின் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே கருத்து மற்றக் குழுக்களில் யாரும் தூண்டாமல் வந்ததா என்றும் ஒப்பிடுங்கள்.

முகக்குறிகள் ஒலிப்பதிவில் வராது. ஆகவே பங்கேற்பாளர்கள் கிளம்பியதும் அரை மணி நேரத்துக்குள் நெறியாளரும் குறிப்பெடுப்பவரும் உட்கார்ந்து, யார் எப்போது அடங்கிப்போனார் என்று பேசி எழுதிவைக்க வேண்டும். அடுத்த நாளைக்குத் தள்ளினால் நினைவில் மிஞ்சுவது உரக்கப் பேசியவர் சொன்னது மட்டும்தான்.

நெறியாளரே ஆதிக்கக் குரலாகிவிட முடியுமா?

முடியும், இது அடிக்கடி நடக்கிறது. தனக்குப் பிடித்த பதிலுக்கு "அருமை", மற்றதற்கு "ம்" என்று சொல்பவர், பதில் இன்ன திசையில் வேண்டும் என்று குழுவுக்குக் காட்டிவிடுகிறார். ஒருவர் தடுமாறிச் சொன்னதை "அதாவது நீங்க சொல்ல வர்றது..." என்று தன் சொற்களில் திருத்திச் சொல்பவரும் அப்படித்தான். பங்கேற்பாளர் மரியாதைக்காக "ஆமாங்க" என்பார், பதிவில் நெறியாளரின் கருத்து பங்கேற்பாளர் பெயரில் ஏறிவிடும். எல்லாப் பதிலுக்கும் ஒரே அளவு "சரி, சொல்லுங்க" போதும்.

முதல் அமர்வின் எழுத்துப்படியை எடுத்து உங்கள் வரிகளை மட்டும் வண்ணமிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு உங்கள் வரி இருந்தால், அது ஒரே அறையில் வரிசையாக நடந்த எட்டு நேர்காணல்கள். பங்கேற்பாளர்கள் ஒருவரோடொருவர் பேசும் இடங்களில் மூன்று நான்கு பேச்சுகளுக்கு உங்கள் வரியே இருக்கக் கூடாது.

வீடியோ அழைப்பில் நடத்தினால்?

ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். இருவர் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒருவர் விட்டுக்கொடுத்துவிடுவார், பெரும்பாலும் விட்டுக்கொடுப்பவர் அதே ஆள்தான். அதனால் பேசும் வரிசையை நெறியாளர் வாய்விட்டு அறிவிக்க வேண்டும்: "அடுத்து நீங்க, அதுக்கப்புறம் நீங்க." முக்கியக் கேள்விகளுக்கு முதலில் எல்லோரும் நெறியாளருக்கு மட்டும் தெரியும்படி அரட்டைப் பெட்டியில் ஒரு வரி அனுப்பட்டும், பிறகு பேசலாம். அட்டை செய்யும் வேலையை இது செய்துவிடும். கேமராவுக்கு வெளியே பங்கேற்பாளருக்குப் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம் என்பதால், தனியாகப் பேசக்கூடிய இடத்தில் இருக்கிறாரா என்பதை அழைப்புக்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.